சன்ஸ்கிரீனைக் கழுவ எண்ணெய் வேண்டுமா?

சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் சொல்லப்படுகின்றன. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுங்கள், வியர்த்துத் துடைத்ததில் போயிருக்கும் என்பது ஒன்று. ராத்திரி வெறும் ஃபேஸ்வாஷ் போட்டால் சன்ஸ்கிரீன் போகாது, முதலில் எண்ணெய், அப்புறம் ஃபேஸ்வாஷ் என்று இரண்டு முறை கழுவுங்கள் என்பது இன்னொன்று. மத்தியானத்துக்குள் தானாகவே போய்விடுகிற ஒரு பூச்சு, ராத்திரி நுரை பொங்கத் தேய்த்தாலும் போகாது என்றால் எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம். நம் தோல் கண்ணுக்குத்தான் வழுவழுப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உழுத வயல்தான்: மேடும் பள்ளமும் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பூசிய க்ரீம் பள்ளங்களில் கனமாகத் தேங்கும், மேடுகளில் மெல்லிசாகப் படியும். வியர்வையும் கைக்குட்டையும் ஹெல்மெட்டின் உள்பக்கப் பஞ்சும் முதலில் எடுப்பது மேட்டில் இருப்பதைத்தான். அங்கங்கே மேடு வெளியே தெரிந்துவிட்டால் வெயில் அந்த வழியாகவே உள்ளே போய்விடும். பூசியதில் பெரும்பகுதி பள்ளத்தில் அப்படியே இருந்தும் பயன் இல்லை. ஆகவே பாதுகாப்பு போய்விட்டது என்பது வேறு, பொருள் போய்விட்டது என்பது வேறு. ராத்திரி நாம் கழுவ வேண்டியது பள்ளத்தில் தங்கியதையும், மூக்கோரம், புருவம், முடி தொடங்கும் விளிம்பு ஆகிய இடங்களில் ஒதுங்கியதையும்தான்.

அது ஏன் தண்ணீருக்கு மசியவில்லை? ட்யூபில் இருக்கும்போது சன்ஸ்கிரீன் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால்மம். பூசிய பத்து இருபது நிமிடத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது எண்ணெய்ப் பகுதி. அவோபென்சோன், ஆக்டோக்ரைலீன் மாதிரியான, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் எண்ணெயில் கரைகிறவை, அதிலேயே தங்கிவிடும். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு வகையானால் அவை தண்ணீரிலும் எண்ணெயிலும் கரையாத நுண்பொடிகள். அந்தப் பொடித் துகள்களுக்கும் பெரும்பாலும் சிலிக்கோனோ கொழுப்பு அமிலமோ மேல்பூச்சாகக் கொடுத்து, தண்ணீர் ஒட்டாதபடி செய்திருப்பார்கள். இவற்றோடு சில க்ரீம்களில் மூன்றாவதாக ஒரு சரக்கு சேரும். படலமாக்கி என்று அதைச் சொல்லலாம். நீளமான மூலக்கூறுகளைக் கொண்ட பாலிமர் அது. காய்ந்ததும் தோல்மேல் மெல்லிய, வளையக்கூடிய சவ்வாக இறுகிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைக்கும். கழுவும்போது முரண்டு பிடிப்பது முக்கியமாக இந்தப் படலம்தான்.

பலாப்பழம் அரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் தீர்வு ஏற்கெனவே தெரியும். பண்ருட்டிப் பழமாகட்டும், கொல்லைப் பழமாகட்டும், கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் யாரும் தொடமாட்டார்கள். தடவ மறந்து பால் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் எத்தனை நேரம் கழுவினாலும் பிசுபிசுப்பு போகாது, சோப்பு போட்டால் சோப்பும் சேர்ந்து ஒட்டும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயை விட்டுத் தேய்த்தால் நெகிழ்ந்து உருண்டு வந்துவிடும். அப்புறம் அந்த எண்ணெயைப் போக்கத்தான் சோப்பு. இரட்டைக் கழுவல் என்று இன்று குப்பிகளில் விற்கப்படுவது இதே முறைதான். எண்ணெயோடு சேர்கிற பொருளை எண்ணெயால் நெகிழ்த்துவது முதல் படி, அந்த எண்ணெயைத் தண்ணீரோடு அனுப்புவது இரண்டாவது படி. ஜிங்க் ஆக்ஸைடு எண்ணெயிலும் கரையாதுதான். ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் படலம் நெகிழ்ந்தால் துகள்கள் எண்ணெயில் மிதந்து வந்துவிடும்.

எல்லாச் சன்ஸ்கிரீனும் பலாப் பால் அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உறையில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருக்கிறதா, பக்கத்தில் 40 அல்லது 80 நிமிடம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 80 நிமிடம் என்று அமெரிக்க முறைப்படி எழுத வேண்டுமானால், பூசிய இடத்தை 20 நிமிடம் தண்ணீரில் முக்கி வைத்து, எடுத்து ஆறவிட்டு, மறுபடி முக்கி, இப்படி நான்கு தடவை செய்த பிறகு எஸ்.பி.எஃப். அளவை அளந்திருக்க வேண்டும். வாட்டர் ப்ரூஃப், ஸ்வெட் ப்ரூஃப் என்று போடுவதை அந்நாட்டு உணவு மருந்துத் துறை 2011-இல் கொண்டுவந்த விதிகளில் தடை செய்தது. தண்ணீர் புகவே புகாத பூச்சு என்று ஒன்று கிடையாது என்பதே காரணம். ஆனாலும் நான்கு முக்கலைத் தாங்கிய பூச்சு ஒரு நிமிட முகக் கழுவலுக்கு லேசில் அசையாது என்று எதிர்பார்க்கலாம். வாட்டர் ரெசிஸ்டன்ட் என்ற சொல் இல்லாத, அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற ஜெல் வகையிலும் லோஷன் வகையிலும் இந்தப் பிடி அவ்வளவு இராது.

இது வெறும் ஊகம் இல்லை. சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், அந்தக் கதிரில் படமெடுக்கும் காமிராவில் பூசிய இடம் கருப்பாகத் தெரியும். கழுவிய பிறகு எவ்வளவு கருப்பு மிச்சமிருக்கிறது என்று ஒப்பிட்டால் எவ்வளவு போயிற்று என்று கணக்கிடலாம். கழுவும் முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட சிறிய ஆய்வு ஒன்று சீன ஆய்வாளர்களிடமிருந்து 2020-இல் அழகுப் பொருள் தோலியல் இதழ் ஒன்றில் வந்தது. வெறும் தண்ணீர், ஃபேஸ்வாஷ், க்ளென்சிங் ஆயில் என்ற மூன்றையும் நீரைத் தாங்கும் சன்ஸ்கிரீனிலும் தாங்காததிலும் வைத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் இரண்டிலும் தோற்றது. நீரைத் தாங்காத வகைக்கு ஃபேஸ்வாஷே போதுமாக இருந்தது. நீரைத் தாங்கும் வகையில் மட்டும் எண்ணெய் தெளிவாக முந்தியது. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வேதியியல் என்ன சொல்லுமோ அதையே காமிராவும் சொன்னது.

கொஞ்சம் மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தோலின் வெளியடுக்கு செத்த செல்களால் ஆனது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும், ஒட்டியதும் கூடவே உதிரும். அடிக்கடி பரு வருகிறவர்களுக்கு மட்டும், நாள்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிற கனமான எண்ணெய்ப் படலம் துளைகளை அடைக்கக்கூடும். ஆக, ஒரு துளியும் மிஞ்சக்கூடாது என்ற வெறி தேவையில்லை. அந்த வெறியால் வரும் கேடு மிச்சத்தால் வரும் கேட்டைவிடப் பெரியது.

அந்தக் கேடு எப்படி வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வெளியடுக்கின் செத்த செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றும் கலந்த ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உடம்பின் தண்ணீர் வெளியே ஆவியாகாமல் தடுப்பது அதுதான். சோப்பிலும் ஃபேஸ்வாஷிலும் அழுக்கை எடுக்கிற பொருளுக்குப் பரப்புச் செயலி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அது பிடிக்கிற எண்ணெய் சன்ஸ்கிரீனுடையதா, தோலினுடையதா என்று அதற்குத் தெரியாது. அதோடு நிற்காமல் செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்திலும் போய் ஒட்டி அதை ஊதச் செய்யும். கழுவும்போது ஊதிய அடுக்கு, துடைத்த சில நிமிடங்களில் தண்ணீரை வேகமாக இழந்து சுருங்கும். முகம் கழுவியதும் கன்னத்தை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே, அது இதுதான். அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் தன் சொந்தச் சரக்கை இழந்ததன் அடையாளம் அது.

எந்தச் சோப்பு எவ்வளவு காயப்படுத்தும் என்பதை ஃப்ராஷ், க்ளிக்மன் என்ற இரு தோல் ஆய்வாளர்கள் 1979-இல் அளந்து காட்டினார்கள். சோப்பை நூற்றுக்கு எட்டுப் பங்காகக் கரைத்து, சின்னக் கிண்ணம் மாதிரியான மூடியில் ஊற்றித் தன்னார்வலர்களின் முன்கையில் கட்டினார்கள். முதல் நாள் முழுக்கவும், அடுத்த நான்கு நாள் தினம் ஆறு மணி நேரமும் அது அங்கேயே இருந்தது. பிறகு சிவப்பு, செதில், வெடிப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த சோப்புக் கட்டிகளிடையே வித்தியாசம் பெரிதாக இருந்தது. கொழுப்பையும் காரத்தையும் காய்ச்சிச் செய்கிற வழக்கமான சோப்பின் பி.எச். 9-க்கு மேல் போகும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளியின் ஓரத்தில் படிகிற வெள்ளைக் கசடாக மாறும். அதே கசடு முகத்திலும் படியும். சோப்பு இல்லாத ஃபேஸ்வாஷில் கசடு வராது. ஆனால் கடின நீரில் கழுவினால் பரப்புச் செயலி தோலிலேயே அதிகமாகத் தங்கிவிடுகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினார்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் இருப்பவர்கள் தேய்க்கிற நேரத்தைக் குறைத்து, அலசுகிற நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இப்போது எண்ணெயின் அருமை விளங்கும். போகாத படலத்தைப் போக்க ஃபேஸ்வாஷை இரண்டு தடவை போட்டால் தோலுக்கு இரண்டு மடங்கு பரப்புச் செயலி போய்ச் சேரும். எண்ணெயால் நெகிழ்த்திவிட்டால் இரண்டாவது கழுவலுக்கு மென்மையான ஃபேஸ்வாஷே போதும், அதுவும் சில நொடிகள். இரட்டைக் கழுவல் தோலை உரிக்கிறது என்று புகார் சொல்கிறவர்கள் பலரும் செய்வது முதலில் எண்ணெய், அப்புறம் நுரை என்பதல்ல. நுரை, அப்புறம் இன்னொரு நுரை.

கடையில் க்ளென்சிங் ஆயில் என்று விற்பது வெறும் எண்ணெய் இல்லை. எண்ணெய்க்குள்ளேயே மென்மையான ஒரு பால்மமாக்கி கரைந்திருக்கும். காய்ந்த முகத்தில் அது எண்ணெயாக நடந்துகொள்ளும், தண்ணீர் பட்டதும் பாலாக மாறித் தண்ணீரோடு ஓடிவிடும். ஆகவே முகமும் கையும் ஈரமில்லாமல் இருப்பதுதான் இதன் முழு சூட்சுமம். ஈரக் கையில் எடுத்தால் உள்ளங்கையிலேயே பாலாகிவிடும். படலத்தை நெகிழ்த்த எண்ணெயே மிஞ்சாது. "ஆயில் போட்டேன், ஒன்றும் போகவில்லை" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஈரக் கைதான் இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான். இரண்டு பம்ப் அளவு எண்ணெயை உலர்ந்த உள்ளங்கையில் எடுத்து நெற்றி, கன்னம், மூக்கோரம், தாடை, கழுத்து என்று பரப்புங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தோல் நகரக்கூடாது. தோல் நகர்ந்தால் அழுத்தம் அதிகம் அல்லது எண்ணெய் குறைவு. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் போதும். கொஞ்ச நேரத்தில் விரலடியில் ஒரு மாற்றம் தெரியும்: முதலில் பிசுக்கென்று தடுத்த இடம் வழவழவென்று விட்டுக்கொடுக்கும். படலம் நெகிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது விரல் நுனியை மட்டும் நனைத்து மறுபடி தேயுங்கள். எண்ணெய் வெள்ளையாகக் கலங்கும். முகம் முழுக்கக் கலங்கும்வரை இரண்டு மூன்று தடவை விரலை நனைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தைத் தாண்டி நேராகத் தண்ணீரை வாரி அடிக்கிறவர்களுக்குத்தான் கழுவிய பிறகும் மெழுக்கு மிஞ்சும். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், தோலின் கொழுப்பை அது இன்னும் எளிதாக எடுத்துக்கொண்டு போகும்.

அலசிய பின் முகம் வழுக்கவில்லை, மெழுக்கு இல்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். இரண்டாவது கழுவல் சன்ஸ்கிரீனுக்காக அல்ல, முதல் எண்ணெயின் மிச்சத்துக்காகத்தான். ஜப்பானியக் கடைகளில் இரண்டாவது கழுவல் தேவையில்லை என்றே உறையில் அச்சிட்ட எண்ணெய்கள் விற்பனையில் இருக்கின்றன. மெழுக்கு இருந்தால் சுண்டல் கடலையளவு ஃபேஸ்வாஷைக் கையிலேயே நுரைத்து, இருபது முப்பது நொடி மட்டும் தடவி அலசிவிடுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்சரைசர். காலையில் இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். ராத்திரி சன்ஸ்கிரீன் பூசுவதில்லை, ஆகவே காலையில் கழுவ ஒன்றும் இல்லை.

வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதாதா? படலத்தை அதுவும் நெகிழ்த்தும். ஆனால் பால்மமாக்கி இல்லாததால் தண்ணீரோடு போகாது. பிறகு வலுவான சோப்பு தேவைப்படும், உரிக்காமல் கழுவும் நோக்கமே கெட்டுவிடும். பரு வருகிற முகத்தில் அது துளைகளை அடைக்கலாம். தேமலுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வாழ்வது என்பதால், தேமலோ முகத்தில் பொடுகோ இருப்பவர்கள் முகத்தில் எண்ணெயை மிச்சம் வைக்காமல் இருப்பது நல்லது. இதெல்லாம் இல்லாத வறண்ட தோல்காரர் அவசரத்துக்குப் பயன்படுத்தினால் தப்பில்லை. மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவலாம்.

உங்கள் க்ரீம் எந்த வகை என்று உறை சொல்லாவிட்டால் கையிலேயே சோதிக்கலாம். முன்கையின் உள்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் சதுரமாகப் பேனாவால் மூன்று கட்டம் போடுங்கள். ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுவார்கள். ஒரு கட்டத்துக்கு அது 50 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு தண்ணீர்ச் சொட்டின் எடை. முதல் கட்டத்தை வெறுமனே விடுங்கள். மற்ற இரண்டில் ஒவ்வொரு சொட்டு பூசி இருபது நிமிடம் காயவிடுங்கள். மூன்றாவது கட்டத்தை மட்டும் முதலில் எண்ணெயால் நெகிழ்த்தி அலசுங்கள். பிறகு மூன்றையும் ஃபேஸ்வாஷால் ஒரே நேரம் கழுவி, ஒற்றியெடுத்து, பத்து நிமிடம் கழித்து இங்க் ஃபில்லரால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சொட்டின் ஓரம் தோலோடு சேரும் சாய்வைத் தொடுகோணம் என்பார்கள். மூன்றிலும் சொட்டு ஒரே உருவத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஃபேஸ்வாஷே போதும். இரண்டாவது கட்டத்தில் மட்டும் உருண்டு நின்றால் படலம் மிச்சமிருக்கிறது, எண்ணெய் வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் உருண்டால் நீங்கள் எண்ணெயைச் சரியாகப் பாலாக்கி அலசவில்லை.

முதல் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். எதுவுமே பூசாத, உலர்ந்த, சுத்தமான தோலிலும் தண்ணீர் ஓரளவு உருண்டுதான் நிற்கும். முகத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, ஆகவே சன்ஸ்கிரீன் போகவில்லை என்று பரவலாகச் சொல்லப்படும் சோதனை ஒப்பிட ஆள் இல்லாமல் பார்ப்பதால்தான் ஏமாற்றுகிறது. ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமுக்கு இன்னும் எளிதான வழி உண்டு. கழுவி உலர்ந்த முகத்தின் மூக்கோரத்தை நனைத்த கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் வெள்ளையாகப் பிடிக்கும்.

நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், வாட்டர் ரெசிஸ்டன்ட் அல்லாத க்ரீமைக் காலையில் ஒருமுறை பூசுகிறார் என்றால், மென்மையான ஃபேஸ்வாஷால் ஒருமுறை கழுவினால் போதும். இரண்டாவது குப்பி வாங்குவது வீண் செலவு. நீச்சலுக்குப் போகிறவர், பைக்கில் டெலிவரிக்குச் சுற்றுகிறவர், 80 நிமிட வகையை இரண்டு மூன்று முறை பூசுகிறவர், மேலே மேக்கப்பும் போடுகிறவர் ஆகியோருக்கு எண்ணெய் தேவை. அதுவும் பூசிய நாளில் மட்டும், ராத்திரி ஒருமுறை. கழுவிய பத்து நிமிடத்துக்குள் முகம் இழுத்தால் முதலில் மாற்ற வேண்டியது எண்ணெயை அல்ல, ஃபேஸ்வாஷை. மாற்றியும் எரிச்சலும் சிவப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கழுவும் முறையில் கை வைப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது சன்ஸ்கிரீன், ஃபேஸ்வாஷ் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.